கைக்கு வராத வட்டியை மார்ச் 31-ல் எழுதுவது எப்படி? வங்கி டெபாசிட் வட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பணமே இன்னும் வரலை. அதை எதுக்கு இந்த வருஷ வருமானமா காட்டணும்?

வட்டி என்பது நாள் கணக்கில் சேருவது. வங்கி அதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு வைக்கிறது, அவ்வளவுதான். மார்ச் 31 வரை உங்கள் பணம் வங்கியிடம் இருந்த நாட்களுக்கான வட்டி, அன்றைக்கே உங்களுக்குச் சேரவேண்டியதாகிவிட்டது. ஜூன் மாதம் வரவு வைத்தாலும் அதில் ஒரு பங்கு மார்ச்சுக்கு உரியது. அந்தப் பங்குதான் கூடியுள்ள வட்டி.

கணக்கியல் தரநிலை 9-ம் இதையேதான் சொல்கிறது: நிலுவையில் உள்ள தொகை, பொருந்தும் வட்டி விகிதம், கழிந்த காலம் ஆகிய மூன்றையும் வைத்து வட்டியை வருமானமாக எடுக்க வேண்டும். கம்பெனியாக இருந்தால் தப்பிக்க வழியே இல்லை. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 128-ஆம் பிரிவு, கணக்குகளை அக்ரூவல் அடிப்படையில்தான், அதாவது பணம் வந்ததா என்று பாராமல் சேரவேண்டிய காலத்திலேயே எழுதி, வைக்க வேண்டும் என்கிறது. கூட்டாண்மை நிறுவனமும் தனி உரிமையாளரும் வருமான வரிக்கு ரொக்க அடிப்படையைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் வியாபாரத்தின் மற்ற எல்லாவற்றையும் அக்ரூவலில் எழுதிவிட்டு, எஃப்.டி. வட்டியை மட்டும் வந்தபோது எழுதுவது என்ற கலவை சரியான முறை அல்ல. அதை நிறைய இடங்களில் பார்க்கலாம்.

ஒரு எஃப்.டி.யை எடுத்து முழுசா கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உதிரிபாகம் செய்யும் ஒரு கூட்டாண்மை நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். 2025 டிசம்பர் 10 அன்று 40,00,000 ரூபாயை ஒரு வருட எஃப்.டி.யில் போடுகிறது. வட்டி ஆண்டுக்கு 6.5%, காலாண்டுக்கு ஒருமுறை அசலோடு சேரும். முதிர்வு 2026 டிசம்பர் 10.

முதல் காலாண்டு டிசம்பர் 10-ல் தொடங்கி மார்ச் 9-ல் முடிகிறது. முழுக் காலாண்டுக்கு வங்கி நாளை எண்ணாது, ஆண்டு வட்டியில் நாலில் ஒரு பங்கைக் கொடுக்கும். 40,00,000-க்கு 6.5% என்றால் 2,60,000. நாலில் ஒன்று 65,000. மார்ச் 10 அன்று இது டெபாசிட்டோடு சேர்ந்து, இருப்பு 40,65,000 ஆகிறது.

அடுத்து மார்ச் 10 முதல் 31 வரை. இது முடியாத காலாண்டு, எனவே நாள் கணக்கு. பத்தாம் தேதியையும் முப்பத்தொன்றாம் தேதியையும் சேர்த்து எண்ணினால் 22 நாள்.

40,65,000 × 6.5% × 22 ÷ 365 = 15,925.89

ரூபாய்க்கு முழுமையாக்கினால் 15,926. இதுதான் 2026 மார்ச் 31 அன்று கூடியுள்ள வட்டி. அந்த ஆண்டின் மொத்த வட்டி வருமானம் 65,000 + 15,926 = 80,926.

தவறில்லாமல் வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான சோதனை உண்டு. டெபாசிட் இருந்த மொத்த நாள் 90 + 22 = 112. 40,00,000-க்கு 6.5% வீதம் 112 நாளுக்குத் தனிவட்டி போட்டால் 79,781 வரும். நமது விடை அதைவிட 1,145 அதிகம். அதில் 890 ரூபாய், காலாண்டை நாள் எண்ணாமல் நாலில் ஒன்றாகக் கொடுத்ததால் வந்தது (90 நாளுக்கு 64,110, வங்கி தந்தது 65,000). மீதி 255 ரூபாய், 65,000-க்கும் சேர்த்து 22 நாள் வட்டி ஓடியதாலும் தொகைகளை முழுமையாக்கியதாலும் வந்தது. உங்கள் விடை தனிவட்டியைவிட வெகுவாகக் குறைவாக இருந்தாலோ, பத்தாயிரம் இருபதாயிரம் என்று தள்ளி நின்றாலோ எங்கோ தவறு இருக்கிறது.

நான் போட்ட தொகையும் வங்கி கொடுத்த சான்றிதழும் சில நூறு ரூபாய் வித்தியாசப்படுது. எதை எடுத்துக்கணும்?

வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் வங்கியுடையதை எடுத்துக்கொள்ளலாம். தெரியாவிட்டால் எடுக்கக் கூடாது.

பெரும்பாலும் ஒரு நாள்தான் பிரச்சினை. எக்செலில் மார்ச் 31-லிருந்து மார்ச் 10-ஐக் கழித்தால் 21 வரும். அது இரண்டு தேதிக்கும் இடைப்பட்ட இரவுகளின் எண்ணிக்கை. மார்ச் 31 இரவும் உங்கள் பணம் வங்கியில்தான் இருந்தது, ஆகவே ஆண்டு முடிவுக்கு 22 சரி. 21 என்று போட்டால் மேலே சொன்ன கணக்கில் 15,202 வரும், 724 ரூபாய் குறையும். சூத்திரத்தில் முடிவுத் தேதியாக ஏப்ரல் 1-ஐக் கொடுத்தால் இந்தத் தொல்லை தீரும்.

இன்னொன்று, டிடிஎஸ்ஸை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பது. நடப்புக் கணக்கிலிருந்து எடுத்தால் டெபாசிட் இருப்பு 40,65,000 ஆகவே இருக்கும். டெபாசிட்டிலிருந்தே எடுத்தால் 65,000-க்கு 10% ஆன 6,500 குறைந்து, இருப்பு 40,58,500. 22 நாள் வட்டியும் 15,900 ஆகிவிடும். 26 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் ஐந்து வருட டெபாசிட்டில் இது ஒவ்வொரு காலாண்டும் சேர்ந்துகொண்டே போகும். ரசீதில் அச்சிட்ட முதிர்வுத் தொகை கடைசியில் கைக்கு வராததற்கும் இதுவே காரணம்.

எல்லா வங்கியும் டெபாசிட் தொடங்கிய தேதியிலிருந்து மூன்று மாதத்தை எண்ணுவதில்லை. மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் கடைசி நாளில் வட்டி சேர்க்கும் வங்கிகளும் உண்டு. அப்படியானால் மார்ச் 31 வரையிலான வட்டி அன்றே டெபாசிட்டில் ஏறிவிடும், தனியாகக் கூடியுள்ள வட்டி எதுவும் இருக்காது. கணக்குப் போட உட்காருவதற்கு முன் டெபாசிட்டின் ஸ்டேட்மென்ட்டில் வட்டி ஏறிய தேதியை ஒருமுறை பாருங்கள்.

சரி, என்ட்ரி என்ன போடணும்?

நமது எடுத்துக்காட்டில் வங்கி டிடிஎஸ்ஸை நடப்புக் கணக்கிலிருந்து எடுக்கிறது என்று கொள்வோம். 2025-26-ல் ஒரே வங்கியின் வட்டி 50,000-ஐத் தாண்டினால் 10% பிடிப்பார்கள் (மூத்த குடிமக்களுக்கு வரம்பு 1,00,000). இங்கே முதல் காலாண்டிலேயே தாண்டிவிட்டது.

மார்ச் 10:
நிலை வைப்புக் க/கு பற்று 65,000
வட்டி வருமானக் க/கு வரவு 65,000

அதே நாள்:
டிடிஎஸ் வரவேண்டியது க/கு பற்று 6,500
வங்கி நடப்புக் க/கு வரவு 6,500

மார்ச் 31:
கூடியுள்ள வட்டிக் க/கு பற்று 15,926
வட்டி வருமானக் க/கு வரவு 15,926

மார்ச் 31 அன்று வங்கி கூடியுள்ள வட்டிக்கும் டிடிஎஸ் பிடித்திருந்தால்:
டிடிஎஸ் வரவேண்டியது க/கு பற்று 1,593
வங்கி நடப்புக் க/கு வரவு 1,593

டாலியில் கூடியுள்ள வட்டியை நடப்புச் சொத்துகளின் கீழ் ஒரு லெட்ஜராகத் திறந்து, ஜர்னல் வவுச்சரில் (F7) போடுங்கள். விவரக் குறிப்பில் டெபாசிட் எண், இருப்பு, விகிதம், நாள் எண்ணிக்கை நான்கையும் எழுதிவிடுங்கள். "வட்டி என்ட்ரி" என்று மட்டும் எழுதிவைத்தால் ஆகஸ்டில் ஆடிட்டர் கேட்கும்போது திரும்பவும் கணக்குப் போட வேண்டியிருக்கும்.

நான்கைந்து எஃப்.டி. இருந்தால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே என்ட்ரி போட்டாலும் பரவாயில்லை. ஆனால் டெபாசிட் வாரியாக ஒரு தாள் பின்னால் இருக்க வேண்டும்.

அந்த 65,000-ம் இன்னும் கைக்கு வரலையே. அதையும் கூடியுள்ள வட்டியிலேயே காட்டலாமா?

காட்டலாம், தவறில்லை. ஆனால் டெபாசிட்டில் சேர்ப்பதே நல்லது. காரணம் நடைமுறை சார்ந்தது. மார்ச் 31 இருப்புச் சான்றிதழில் வங்கி 40,65,000 என்று எழுதும். உங்கள் லெட்ஜரிலும் அதே எண் இருந்தால் ஒத்துப் பார்க்கும் வேலை ஒரு நிமிடத்தில் முடியும். மேலும் அந்த 65,000-க்கும் இப்போது வட்டி ஓடுகிறது. அது அசலாகிவிட்டது, வரவேண்டிய பாக்கி இல்லை.

ஆபத்து, இரண்டு இடத்திலும் காட்டுவதில்தான். டெபாசிட்டை சான்றிதழ்படி 40,65,000 ஆக்கிவிட்டு, வங்கியின் வட்டிச் சான்றிதழில் உள்ள 80,926 முழுவதையும் கூடியுள்ள வட்டியாகப் போட்டால் 65,000 இரண்டு முறை வருமானமாகிவிடும். வட்டிச் சான்றிதழ் ஆண்டு முழுவதற்குமான வட்டியைச் சொல்கிறது, சேராத பாக்கியை மட்டும் சொல்வதில்லை. வருமானக் கணக்கு 80,926-ல் நிற்கிறதா என்று பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும்.

டிடிஎஸ் போக மிச்சம் வந்ததை மட்டும் வட்டின்னு எழுதினா என்ன?

அதாவது 65,000-க்குப் பதில் 58,500 என்று எழுதுவது. இந்தத் துறையில் இதைவிடப் பரவலான தவறு இல்லை.

டிடிஎஸ் உங்கள் பெயரில் அரசுக்குக் கட்டிய வரி. செலவும் இல்லை, வட்டி குறைந்ததும் இல்லை. நிகரத் தொகையை எழுதினால் இரண்டு பக்கமும் நஷ்டம்: வருமான வரித் துறையின் Form 26AS-இலும் AIS-இலும் 65,000 என்று இருக்கும், உங்கள் கணக்கில் 58,500 இருக்கும், துறையிலிருந்து விளக்கம் கேட்டு வரும். இன்னொரு பக்கம், டிடிஎஸ் என்ற சொத்தே உங்கள் புத்தகத்தில் இல்லாததால் 6,500-ஐ வரியில் கழிக்கக் கோர மறந்துவிடும் வாய்ப்பும் உண்டு.

கூடியுள்ள வட்டியையும் மொத்தமாகவே எழுதுங்கள். 15,926 தான், 14,333 அல்ல.

ஏப்ரல் 1-ம் தேதி அந்த என்ட்ரியைத் திருப்பிப் போடணும்னு சொல்றாங்க. கட்டாயமா?

கட்டாயம் இல்லை. ஆனால் சின்ன அலுவலகங்களுக்கு அதுதான் பாதுகாப்பு.

திருப்பிப் போட்டால் இப்படி: ஏப்ரல் 1 அன்று வட்டி வருமானம் பற்று 15,926, கூடியுள்ள வட்டி வரவு 15,926. வட்டி வருமானக் கணக்கு புது ஆண்டை எதிர்மறை இருப்போடு தொடங்கும். பார்க்க விசித்திரமாக இருக்கும், பயப்பட வேண்டாம். ஜூன் 10 அன்று வங்கி 40,65,000-க்குக் காலாண்டு வட்டி 66,056 சேர்க்கிறது. வழக்கம்போல நிலை வைப்பு பற்று, வட்டி வருமானம் வரவு. கணக்கில் மிஞ்சுவது 66,056 − 15,926 = 50,130. அதுதான் ஏப்ரல் 1 முதல் ஜூன் 9 வரைக்கான வருமானம்.

திருப்பிப் போடாவிட்டால் ஜூன் 10 என்ட்ரியைப் பிரித்துப் போட வேண்டும்: நிலை வைப்பு பற்று 66,056, கூடியுள்ள வட்டி வரவு 15,926, வட்டி வருமானம் வரவு 50,130. முடிவு ஒன்றுதான். சிக்கல் என்னவென்றால் மார்ச்சில் ஆடிட்டர் அலுவலகம் போட்ட என்ட்ரி, ஜூனில் வங்கி ஸ்டேட்மென்ட்டைப் பார்த்துப் பதிபவருக்குத் தெரிந்திருக்காது. அவர் 66,056 முழுவதையும் வருமானமாக எழுதிவிடுவார். 15,926 இரண்டு ஆண்டிலும் வருமானமாகிவிடும், கூடியுள்ள வட்டி லெட்ஜரும் அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க அடுத்த மார்ச்சில் அந்த லெட்ஜரைத் திறந்து பாருங்கள். தொடக்க இருப்பு அப்படியே இறுதி இருப்பில் இருந்தால், அல்லது அதன் மேல் இந்த ஆண்டுத் தொகையும் ஏறி இருந்தால், திருப்பிப் போட விட்டுப்போயிருக்கிறது. டெபாசிட் முதிர்ந்து பணம் வந்தபிறகும் அதற்கான கூடியுள்ள வட்டி பேலன்ஸ் ஷீட்டில் இருப்பது இதன் முற்றிய நிலை.

ஜூன்ல வட்டி 66,056 சேர்ந்திருக்கு. ஆனா டிடிஎஸ் 5,013 தான் பிடிச்சிருக்காங்க. வங்கி தப்பு பண்ணிடுச்சா?

இல்லை. மார்ச் 31-லேயே 15,926-க்கு 1,593 பிடித்துவிட்டார்கள். மீதி 50,130-க்கு மட்டும் 10% பிடித்தால் 5,013.

கணக்கைச் சரியாக எழுதியிருந்தால் உங்கள் புத்தகமும் இதே 50,130-ஐக் காட்டும். ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் ஏப்ரல் 1 திருப்பு என்ட்ரியைத் தேடுங்கள்.

நாங்க கூடியுள்ள வட்டியை எழுதிட்டோம், ஆனா 26AS-ல அந்த மார்ச் மாச வட்டி வரவே இல்லை. எடுத்துடலாமா?

எடுக்காதீர்கள். வருமானம் உண்டா இல்லையா என்பதை 26AS தீர்மானிப்பதில்லை.

மார்ச் 31 அன்று டிடிஎஸ் பிடிக்கும் வங்கியும் உண்டு, அடுத்த வரவின்போது மொத்தமாகப் பிடிக்கும் வங்கியும் உண்டு. வங்கியின் மென்பொருள் உள்கணக்குக்காக தினமும் மாதமும் ஒதுக்கிவைக்கும் வட்டிக்கு டிடிஎஸ் பிடிக்க வேண்டியதில்லை என்று நேரடி வரிகள் வாரியம் 2010-ஆம் ஆண்டு சுற்றறிக்கை எண் 3-ல் சொல்லியிருக்கிறது. எனவே உங்கள் வருமானம் 80,926, 26AS காட்டுவது 65,000 என்றால், இடையில் உள்ள 15,926-க்கு ஒரு சமரசத் தாள் எழுதிக் கோப்பில் வையுங்கள். அடுத்த ஆண்டு இது தலைகீழாகும்: 26AS-ல் அதிகமும் உங்கள் புத்தகத்தில் குறைவும் இருக்கும். அன்றைக்குக் கேள்வி வந்தால் பதில் சொல்ல இந்தத் தாள்தான் உதவும்.

இந்தத் தாளால் விளக்க முடியாத அளவுக்கு 26AS-ல் ஆண்டு வட்டி உங்கள் கணக்கைவிட அதிகமாக இருந்தால் மட்டும் உடனே தேடுங்கள். மறந்துபோன இன்னொரு டெபாசிட், அல்லது டெண்டருக்காக வங்கி உத்தரவாதம் வாங்கியபோது மார்ஜினாக வைத்த எஃப்.டி. இப்படித்தான் வெளியே வரும். மார்ஜின் டெபாசிட்டை எடுக்க முடியாது என்பதால் அதற்கும் வட்டி ஓடுகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நான் தனிநபர், வட்டி வந்த வருஷம்தான் காட்டுறேன். வங்கி முன்னாடியே டிடிஎஸ் பிடிச்சா அந்த வரி போச்சா?

போகாது. எந்த ஆண்டில் வருமானத்தைக் காட்டுகிறீர்களோ அந்த ஆண்டில்தான் அதற்கான டிடிஎஸ் வரவும் கிடைக்கும் என்பது விதி 37BA. இந்த ஆண்டு ரிட்டர்னில் டிடிஎஸ் அட்டவணையில் அந்தத் தொகையை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்வதாகக் காட்ட வேண்டும். வருமானத்தைக் காட்டாமல் டிடிஎஸ்ஸை மட்டும் இந்த ஆண்டே கேட்டால் அது தள்ளுபடியாகும்.

ஐந்து வருட டெபாசிட்டில் இதைச் செய்தால் நான்கு வருடம் எடுத்துச் சென்று, ஐந்தாம் வருடம் மொத்த வட்டியையும் ஒரே ஆண்டில் காட்ட வேண்டியிருக்கும். வரி அடுக்கு ஏறிவிடலாம். சம்பளமும் எஃப்.டி.யும் மட்டும் உள்ளவர்கள் ஆண்டுதோறும் காட்டிவிடுவதே நிம்மதி என்பது எங்கள் கருத்து. ஆனால் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அதிலேயே தொடருங்கள், ஆண்டுக்கொரு முறை மாற்றக் கூடாது.

எஃப்.டி.யை நடுவுல உடைச்சா, எழுதின கூடியுள்ள வட்டி என்ன ஆகும்?

நீங்கள் 6.5% என்று எண்ணி எழுதினீர்கள். முன்கூட்டி முடித்தால் வங்கி, பணம் உண்மையில் இருந்த காலத்துக்கான விகிதத்தை எடுத்து, அதிலும் அபராதம் கழித்துத் தரும்.

நமது டெபாசிட்டை 2026 ஜூன் 10 அன்று உடைக்கிறார்கள், எல்லாம் கழித்துக் கிடைப்பது 5% என்று வைத்துக்கொள்வோம். இரண்டு காலாண்டுக்கு 40,00,000 ரூபாய் 41,00,625 ஆகும். மொத்த வட்டி 1,00,625. அதில் 80,926 போன ஆண்டே வருமானமாகிவிட்டது. ஆகவே இந்த ஆண்டுக்கு மிஞ்சுவது 19,699 மட்டுமே. உடைக்காமல் இருந்திருந்தால் 50,130 வந்திருக்கும்.

போன ஆண்டுக் கணக்கைத் திறந்து திருத்த வேண்டாம். மார்ச் 31 அன்று டெபாசிட் உயிரோடு இருந்தது, 6.5% தான் ஒப்பந்தம். உடைக்கும் முடிவு அதற்குப் பிறகு எடுத்தது, எனவே அதன் விளைவும் எடுத்த ஆண்டிலேயே விழும். மார்ச் 31-க்கு முன்பே, ஏப்ரல் முதல் வாரத்தில் உடைக்கப் போகிறோம் என்று வங்கிக்கு எழுதிக் கொடுத்துவிட்டிருந்தால் கதை வேறு. அப்போது குறைந்த விகிதத்திலேயே எழுத வேண்டும்.

ஏப்ரலிலேயே உடைத்தால் இந்த ஆண்டு வட்டி எதிர்மறையாகக்கூட வரலாம். அதை வட்டி வருமானத்தில் கழித்துக் காட்டுங்கள், வங்கிக் கட்டணம் என்று எழுதி மறைக்க வேண்டாம்.

பில் பணம் லேட்டா கட்டுற வாடிக்கையாளரிடம் வரவேண்டிய வட்டியையும் இப்படியே எழுதணுமா?

வங்கி கொடுக்காமல் போகாது. வாடிக்கையாளர் அப்படியில்லை. இன்வாய்ஸின் அடியில் "தாமதத்துக்கு 24% வட்டி" என்று அச்சிட்டிருப்பதால் மட்டும் வட்டி வருமானமாகிவிடாது. இதற்கு முன் அவர் அப்படி வட்டி கொடுத்திருக்கிறாரா, இந்தமுறை ஒப்புக்கொண்டு கடிதமோ மெயிலோ அனுப்பியிருக்கிறாரா என்று பாருங்கள். வசூலாகுமா என்ற சந்தேகம் இருக்கும்போது வருமானத்தைத் தள்ளிவைக்கத் தரநிலை 9 இடம் தருகிறது. இன்னொரு விஷயம், வங்கி டெபாசிட் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது. வாடிக்கையாளரின் தாமத வட்டி, வரிக்குட்பட்ட பொருளின் மதிப்போடு சேரும், அந்த வரி வட்டி கைக்கு வரும் தேதியில் ஏற்படும்.

மின் இணைப்புக்காகக் கட்டிய முன்வைப்புத் தொகையின் வட்டி இரண்டுக்கும் நடுவில். வரும் என்பது உறுதி, மின் கட்டணத்திலேயே கழித்துத் தந்துவிடுவார்கள். வீட்டு இணைப்புக்கு யாரும் எழுதுவதில்லை. உயர் அழுத்த இணைப்பில் பல லட்சம் கட்டியிருக்கும் தொழிற்சாலைகள் எழுத வேண்டும். எழுதியபின் அந்தக் கழிவு வரும் பில்லை மின்கட்டணச் செலவில் நிகரமாகப் போட்டுவிடாமல் பிரித்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் கூடியுள்ள வட்டி அடுத்த ஆண்டும் அங்கேயே நிற்கும்.

பதினொன்றாம் வகுப்பு கணக்கில் "கூடியுள்ள வட்டி" சில சமயம் இருப்பாய்வுக்குள்ளேயே இருக்கு, சில சமயம் கீழே சரிக்கட்டுதலில் இருக்கு. எப்படிக் காட்டணும்?

சரிக்கட்டுதலில் கொடுத்திருந்தால் இரண்டு இடம்: இலாப நட்டக் கணக்கில் வட்டியோடு கூட்டுங்கள், இருப்புநிலைக் குறிப்பில் சொத்துப் பக்கம் எழுதுங்கள். இருப்பாய்வுக்குள்ளேயே இருந்தால் என்ட்ரி ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்று பொருள், வட்டி வருமானத்தில் அது சேர்ந்திருக்கும். இருப்புநிலைக் குறிப்பில் மட்டும் எழுதினால் போதும். இங்கே மறுபடி வட்டியில் கூட்டுபவர்களுக்கு மொத்தம் ஒத்துவராது, வித்தியாசம் சரியாகக் கூடியுள்ள வட்டியின் அளவே இருக்கும்.